கதவு? திறந்தே இருக்கு

ஒரே கதையின் இரண்டு பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான 24 பக்கப் படப்புத்தகம் ஒன்றுக்காக நண்பர் எழுதியவை. முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் இடையே ஏழெட்டு மாதம். கதை மாறவில்லை: அமுதன் என்ற பையன் கதவைச் சாத்தாமல் விளையாட ஓடிவிடுகிறான், திறந்த கதவு வழியாக விலங்குகள் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. சொல்ல வந்ததும் மாறவில்லை, கதவைச் சாத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதல் பிரதி போதனை, இரண்டாவது விளையாட்டு. இடையில் என்ன நடந்தது என்று வரி வரியாகப் பார்த்தால், குழந்தை இலக்கியத்தில் நீதியை எங்கே வைப்பது என்ற பழைய கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். நண்பர் அனுமதியோடு இரண்டிலிருந்தும் எடுத்துக் காட்டுகிறேன்.

முதல் பிரதி இப்படித் தொடங்குகிறது:

“அமுதன் நல்ல சிறுவன். ஆனால் அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வெளியே செல்லும்போது கதவைச் சாத்த மறந்துவிடுவான். ஒரு நாள் அவன் விளையாடச் சென்றபோது, திறந்திருந்த கதவு வழியாகக் கோழியும் ஆடும் வீட்டுக்குள் நுழைந்து பொருட்களை நாசம் செய்தன.”

முடிவு இப்படி:

“பாட்டி அவனை அருகில் அழைத்து, ‘கண்ணா, சிறு கவனக்குறைவு பெரும் இழப்புக்குக் காரணமாகும். பொறுப்புள்ள பிள்ளையே வீட்டுக்குப் பெருமை’ என்றார். அமுதன் தன் தவறை உணர்ந்தான். அன்று முதல் அவன் கதவைச் சாத்த மறந்ததே இல்லை.”

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. நாம் எல்லோரும் படித்து வளர்ந்த நடைதான். ஆனால் வாக்கியங்களை எண்ணிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மொத்தம் 26 வாக்கியங்கள். அதில் கோழியும் ஆடும் வீட்டுக்குள் இருப்பது 2 வாக்கியம். பாட்டி பேசுவது 11 வாக்கியம். வீட்டுக்குள் ஒரு ஆடு வந்திருக்கிறது! ஐந்து வயதுக் குழந்தைக்கு உலகத்திலேயே அதைவிட முக்கியமான செய்தி இருக்க முடியாது. அது எங்கே ஏறியது, எதைத் தின்றது, யார் பார்த்தார்கள்? “நாசம் செய்தன” என்ற ஒரு வினைச்சொல்லுக்குள் இவ்வளவும் மூட்டை கட்டப்பட்டுவிட்டது. போதனைக் கதையின் முதல் கோளாறு அது போதிப்பது அல்ல. போதிக்கும் அவசரத்தில் நடந்ததைச் சொல்லாமல் விடுவதுதான்.

இரண்டாவது கோளாறு, தீர்ப்பு முதலிலேயே வந்துவிடுவது. “நல்ல சிறுவன், ஆனால்” என்று ஆரம்பித்த உடனேயே கேட்கும் குழந்தைக்குத் தெரிந்துவிடும், இவன் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று. அதற்கப்புறம் பக்கத்தைத் திருப்ப எந்தக் காரணமும் இல்லை.

மூன்றாவது, மொழி. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கதையை முன்பே படித்திராத ஒருவரிடம் கொடுத்து, எதிரில் ஒரு குழந்தையை உட்காரவைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கெல்லாம் அச்சில் இருப்பதை விட்டுவிட்டுத் தன் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு கோடு. என் அக்காவிடம் முதல் பிரதியைக் கொடுத்தேன். “வீட்டுக்குள் நுழைந்து பொருட்களை நாசம் செய்தன” என்பதை அவள் தயங்காமல், “உள்ள வந்து எல்லாத்தையும் நாசம் பண்ணிடுச்சு” என்று வாசித்தாள். பாட்டியின் பேச்சில் பாதியைத் தாண்டிப் போய்விட்டாள். “திட்டுனாங்க, அவ்ளோதான்” என்று முடித்தாள். வாசித்து முடித்தபோது தாள் முழுக்கக் கோடுகள். படப்புத்தகம் என்பது ஒருவர் வாசிக்க இன்னொருவர் கேட்பது. வாசிப்பவர் ஒவ்வொரு வரியிலும் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்க வேண்டியிருந்தால் அந்தப் பிரதி இன்னும் முடியவில்லை என்று பொருள்.

*

நண்பர் அடுத்து எழுதிய நடுப்பிரதி ஒன்று உண்டு. அது தோற்றுப்போன பிரதி. ஆனால் எதை விட்டு எதைப் பிடிப்பது என்று காட்டுவது அதுதான்.

அதில் பாட்டியின் அறிவுரை முழுதாகப் போய்விட்டது. பக்கத்துக்கு ஒரு விலங்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓசை, இரண்டடிக்கு ஒரு இயைபு. கோழி வந்தது கொக்கரித்தது, ஆடு வந்தது மேமே என்றது, நாய் வந்தது, காகம் வந்தது, தவளை வந்தது. கேட்க நன்றாக இருந்தது. இரண்டாம் முறை வாசித்தபோது அலுத்தது. ஏன் என்று பார்க்கப் பக்கங்களைத் தனித்தனித் தாளாக்கிக் கலைத்துப் போட்டேன். எந்த வரிசையில் அடுக்கினாலும் கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. தவளை முதலில் வந்தாலும் சரி, கடைசியில் வந்தாலும் சரி.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு சுழற்சியை எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டே வர வேண்டும். எதுவுமே மாறாவிட்டால் அது தானாக நிற்காது, யாராவது வெளியிலிருந்து நிறுத்த வேண்டும். போதனையை எடுத்துவிட்டு ஓசையை மட்டும் நிரப்பிய கதைக்கும் இதே கதிதான். பக்கம் தீர்ந்துபோனதால் அது முடிகிறதே தவிர, முடியவேண்டிய இடம் வந்ததால் அல்ல.

எரிக் கார்லின் பசித்த கம்பளிப்புழு, 1969இல் வந்த புத்தகம், இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுவதற்கு அதன் ஓட்டை போட்ட பக்கங்கள் மட்டும் காரணம் அல்ல. திங்களன்று ஒரு பழம், செவ்வாயன்று இரண்டு என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் பசி மட்டும் தீரவில்லை. சனிக்கிழமை அந்த ஒழுங்கு உடைந்து, கேக்கும் ஐஸ்கிரீமும் ஊறுகாயுமாகப் பத்துப் பொருட்கள் உள்ளே போகின்றன. வயிற்றுவலி. மறுநாள் ஒரே ஒரு பச்சை இலை, சரியாகிவிடுகிறது. அளவோடு சாப்பிடு என்ற நீதி அதில் இல்லையா? இருக்கிறது. ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. அந்த வாரத்தின் வடிவமே அதைச் சொல்லிவிடுகிறது. திரும்பத் திரும்ப வருவது எங்கே உடைகிறதோ அந்த இடத்தில் அர்த்தம் பிறக்கிறது. நண்பரின் நடுப்பிரதியில் அப்படி உடையும் இடம் இல்லை.

*

இனி கடைசிப் பிரதி. நடுவில் பின் அடித்த 24 பக்கப் புத்தகத்தில் முதல் பக்கம் தலைப்புக்கும் கடைசிப் பக்கம் பதிப்பு விவரங்களுக்கும் போனால், எதிரெதிர்ப் பக்கங்களாக 11 விரிப்புகள் கிடைக்கும். கதை அந்த 11க்குள் நடக்க வேண்டும். முதல் விரிப்பு:

அமுதன் ஓடறான். தடதட தடதட!
கதவு? திறந்தே இருக்கு.
பாட்டி? கொர்ர்ர்... புஸ்ஸ்.
கிரீ...ச்! யாரு? யாரு? யாரு?

இந்தக் கேள்வி வலப்பக்கத்தின் அடியில் இருக்கிறது. பதில் தாளைத் திருப்பினால்தான். இதுதான் இந்தப் பிரதியின் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். கதவைப் பற்றிய கதையில் பக்கமே கதவாகிவிடுகிறது. திருப்பும் விரல்தான் கதவைத் திறக்கிறது. கதவைத் திறந்து விட்டவன் அமுதன் மட்டும் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தையும்தான். அதற்குப் பிறகு “அமுதனிடம் கெட்ட பழக்கம்” என்று ஒருவரும் சொல்ல முடியாது, குழந்தையும் கூட்டுக் களவாணி.

அடுத்த விரிப்பு:

கொக் கொக் கோழி!
கூடையைக் கொத்துது.
கதவு? திறந்தே இருக்கு.
பாட்டி? கொர்ர்ர்... புஸ்ஸ்.
கிரீ...ச்! யாரு? யாரு? யாரு?

பிறகு பையப் பையப் பூனை, பால்சட்டியைப் பார்க்கிறது. பிறகு மே மே ஆடு, மேசை மேலே ஏறுகிறது, அமுதனின் நோட்டை மெல்லுகிறது. நடுப்பிரதியில் ஓசை விலங்குகளுக்கு அலங்காரமாக இருந்தது. இங்கே மோனை செயலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோழிக்கும் கூடைக்கும் கொத்துவதற்கும் ஒரே குடும்பத்து எழுத்து. “கொக் கொக்” என்று கேட்ட குழந்தை அடுத்து “கொ” என்று ஏதோ வரப்போகிறது என்று வாயைத் தயாராக வைத்திருக்கிறது. விலங்கின் உருவமும் ஒவ்வொன்றாகப் பெரிதாகிறது. இப்போது பக்கங்களைக் கலைத்தால் கதை உடைந்துவிடும்.

“யாரு” மூன்று முறை வருவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் ஐந்து முறை எழுதியிருந்தார். வாசிக்கும்போது நாலாவதிலேயே மூச்சு தளர்ந்தது, குழந்தைகள் அதற்குள் தாளைத் திருப்பிவிட்டார்கள். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் அடுக்கிவரும் சொற்களுக்கு எல்லை சொல்லியிருக்கிறது: விரைவு காரணமாக அடுக்கினால் மூன்று வரை, இசையை நிறைக்க அடுக்கினால் நான்கு வரை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக இதைப் படித்தபோது யாரோ கட்டளை போட்டதுபோல இருந்தது. சத்தமாக வாசித்தால்தான் தெரிகிறது, அது மூச்சை அளந்து சொன்ன கணக்கு. பதறும்போது மூன்றுக்கு மேல் சொல்ல நமக்கு நேரம் இல்லை.

இன்னொரு நுட்பத்தைத் தமிழ் தெரிந்தவர்கள்தான் ரசிக்க முடியும். பேச்சுத்தமிழில் எழுதலாம் என்று முடிவெடுத்த உடனே வரும் சிக்கல், யார் பேச்சு என்பது. பாட்டி “தூங்கறா” என்றால் ஒரு வீடு, “தூங்குறாங்க” என்றால் இன்னொரு வீடு. “தூங்குது” என்று சொல்லும் வீடும் இருக்கிறது. வினைச்சொல்லின் வாலில் ஊரும் சாதியும் மரியாதையும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நண்பர் என்ன செய்தார் என்றால், பாட்டிக்கு வினைச்சொல்லே கொடுக்கவில்லை. “பாட்டி? கொர்ர்ர்... புஸ்ஸ்.” குறட்டைக்கு வட்டார வழக்கு கிடையாது. பாட்டி எழுந்துகொள்ளும் இடத்தில் “முழிச்சாச்சு!” என்று போட்டிருக்கிறார். ‘ஆச்சு’ என்று முடிந்தால் ஆளையும் சொல்ல வேண்டாம், மரியாதையையும் அளக்க வேண்டாம். விலங்குகளுக்கு “கொத்துது, பார்க்குது, ஏறுது” என்பது பெரும்பாலான வீடுகளில் அப்படியே வரும். “ஓடறான்” ஒன்றுதான் கொஞ்சம் மாறும், சிலர் “ஓடுறான்” என்பார்கள். அக்காவிடம் கடைசிப் பிரதியைக் கொடுத்தபோது அந்த ஓரிடத்தில் மட்டும்தான் கோடு போட்டேன். ஓசை இந்தப் பிரதியில் வெறும் விளையாட்டு இல்லை. எழுத்துமொழிக்கும் பேச்சுமொழிக்கும் நடுவே எப்போதும் மாட்டிக்கொள்ளும் தமிழ்ப் படப்புத்தகத்துக்கு அது ஒரு நடைமுறைத் தீர்வாகவும் இருக்கிறது.

*

ஐந்தாவது விரிப்பில் திரும்ப வருவது உடைகிறது.

தொம்! தொம்! எருமை!
பாதி உள்ளே. பாதி வெளியே.
கதவு? எருமை இருக்கு.
பாட்டி?

குறட்டை இல்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. நான்கு முறை ஒரே பதிலைக் கேட்டுப் பழகிய குழந்தை ஐந்தாவது முறை அந்த மௌனத்தில் நிமிர்ந்து உட்காரும். இனிமேல் சாத்தவேண்டும் என்று நினைத்தாலும் கதவைச் சாத்த முடியாது, கதவில் எருமை இருக்கிறது. “சிறு கவனக்குறைவு பெரும் இழப்புக்குக் காரணமாகும்” என்று முதல் பிரதியில் பாட்டி சொன்னது இதைத்தான். நேரம் தவறினால் சரிசெய்ய முடியாது என்ற அதே எண்ணம். ஆனால் இங்கே அது ஒரு எருமையாக வாசலில் நிற்கிறது.

நம் மரபிலேயே நீதியைச் சொல்லித்தானே பிள்ளைகளை வளர்த்தோம், ஆத்திசூடியைவிடவா, என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆத்திசூடி நீதி நூல், சந்தேகம் இல்லை. ஆனால் அதன் வரிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்கள், அகரவரிசையில் கோத்தவை. பொருள் புரிவதற்கு முன்பே அது குழந்தையின் நாக்கில் ஏறிவிடுகிறது, விளக்கம் பிறகு வாழ்க்கையிலிருந்து வருகிறது. ஔவை நீதியைச் சொன்னார், விளக்கவில்லை. போதனைக் கதை செய்வது தலைகீழானது. அது விளக்கத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு, நாக்குக்கு ஒன்றும் கொடுக்காமல் விடுகிறது. ஆகவே ஓசையும் நீதியும் எதிரிகள் என்று நான் சொல்ல வரவில்லை. விளக்கவுரைதான் இரண்டுக்குமே எதிரி.

போதனையை விளையாட்டாக மாற்றுவதில் இன்னொரு வழியும் உண்டு, கவிழ்த்துவிடுவது. ஐசக் வாட்ஸ் 1715இல் வெளியிட்ட சிறுவர் பக்திப் பாடல்களில், சுறுசுறுப்பான தேனீயைப் பார்த்து உழைக்கக் கற்றுக்கொள் என்று ஒரு பாட்டு. ஆங்கிலக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அதை ஒப்பித்தார்கள். 1865இல் லூயிஸ் கரோல் ஆலிஸின் வாயில் அதே பாட்டின் தாளத்தைப் போட்டு, தேனீ இருந்த இடத்தில் சிரித்தபடி மீன்களை வரவேற்று விழுங்கும் ஒரு முதலையை வைத்தார். வாட்ஸின் நீதி அங்கேயே செத்தது. அந்த வழி சிரிப்புக்கு உத்தரவாதம். ஆனால் மூலப்பாட்டு மனப்பாடமாக இருந்தால்தான் அந்தப் பகடி கடிக்கும். நண்பர் அந்த வழியில் போகவில்லை. கதவைச் சாத்துவது நல்லது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. யார் வாயால் அது வரவேண்டும் என்பதில்தான் அவர் மனம் மாறியிருக்கிறார்.

*

இந்த மாற்றத்தில் இழப்பே இல்லையா? இருக்கிறது. முதல் பிரதியில் பாட்டியின் 11 வாக்கியங்களில் ஒன்று மட்டும் நிஜமானது. “இந்த வாரம் உலை வைக்க இருந்த அரிசி இது” என்பாள். அந்த ஒரு வாக்கியத்தில் வீட்டின் நிலைமை தெரிகிறது. கூடையில் இருந்தது வெறும் பொருள் அல்ல, ஏழு நாள் சாப்பாடு. விளையாட்டுப் பிரதியில் கோழி கூடையைக் கொத்தும்போது குழந்தை சிரிக்கிறது. சிரிக்கத்தான் வேண்டும், எழுத்து அப்படித்தான் கேட்கிறது. ஆனால் எல்லாச் சேதமும் வேடிக்கையாகிவிட்டால், சேதம் என்று ஒன்று இருப்பதே மறைந்துபோகிறது. விளையாட்டு நடைக்கு உள்ள உண்மையான ஆபத்து இது. ஓசை எல்லாவற்றையும் இலேசாக்கிவிடும்.

நண்பர் இதைக் கவனித்திருக்கிறார். ஆறாவது விரிப்பில் “முழிச்சாச்சு!”. ஏழாவதில் கோழி ஓடுது, பூனை ஓடுது, ஆடு ஓடுது, எருமை மட்டும் மெதுவாகப் போகுது. எட்டாவது விரிப்பில் எழுத்தே கிடையாது. ஓவியருக்கு ஒரு குறிப்பு மட்டும்: பாட்டி தரையில் உட்கார்ந்து சிந்திய அரிசியை முறத்தில் கூட்டி எடுக்கிறாள், அமுதன் எதிரில் குந்தி ஒவ்வொரு மணியாகப் பொறுக்குகிறான், இருவரும் பேசவில்லை. ஏழு விரிப்புகளாகத் தடதடவும் கிரீச்சும் தொம்மும் கேட்ட காதுக்குத் திடீரென்று ஒன்றும் இல்லை. வாசிப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அரிசியின் விலை அந்த அமைதியில் இருக்கிறது. இவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வருவதால்தான் அந்த அமைதிக்கு எடை. முதல் பிரதியில் இதே பக்கத்தை வைத்திருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்திருப்போம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தத் தீர்வு முழுக்க ஓவியரை நம்பியிருக்கிறது. படத்தில் பாட்டி கோபமாக இருந்தால் அது மறுபடியும் போதனை. புன்னகைத்துக்கொண்டிருந்தால் அரிசிக்கு மதிப்பு இல்லாமல் போகும். பதிப்பகத்தில் யாராவது அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்துப் பயந்து “அமுதன் வருந்தினான்” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் ஏழெட்டு மாத வேலையும் வீண். எழுத்தில்லாத இடமும் எழுத்தாளர் எழுதியதுதான் என்று கைப்பிரதியில் தெளிவாகக் குறித்துவைப்பது நல்லது.

கடைசி மூன்று விரிப்புகள்:

அமுதன் ஓடறான். தடதட தடதட!
கதவு?

பதில் அச்சிடப்படவில்லை. என் அக்கா பையனுக்கு வாசித்தபோது அவன் “சாத்துடா!” என்று கத்தினான். இன்னொரு வீட்டில் ஒரு பெண், “திறந்தே இருக்கு” என்று பழைய பதிலையே சொல்லிவிட்டுச் சிரித்தாளாம். இரண்டுக்கும் பிரதி இடம் கொடுக்கிறது. முதல் பிரதியில் நீதியைப் பாட்டி சொன்னாள், குழந்தை கேட்டது. இங்கே குழந்தை சொல்கிறது, சொல்லாமலும் இருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் வரும் நல்ல பதிலுக்கு என்ன மதிப்பு?

அடுத்த விரிப்பில் அமுதன் திரும்பி வருகிறான். ஒரே ஒரு சொல்.

டப்!

இதோடு நிறுத்தியிருந்தால்கூட நல்ல புத்தகம்தான், ஆனால் கொஞ்சம் நல்ல பிள்ளைத்தனமான புத்தகம். கடைசி விரிப்பில் கதவு சாத்தியிருக்கிறது, பாட்டி மறுபடி தூங்குகிறாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கிறது.

கொக்?